மிக்ஸியில் பொறி, கருகல் வாடை, தேய்ந்த கார்பன், வழுக்கும் கப்ளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிக்ஸி சூடாகி வாடை வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வரும். கீழே "திறந்து பாருங்கள்", "கையால் சுற்றுங்கள்" என்று எங்கே சொல்லியிருந்தாலும், பிளக்கைச் சுவரிலிருந்து உருவிக் கண்ணெதிரே வைத்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

1. மிக்ஸி ஓடும்போது அடியில இருக்கிற ஓட்டை வழியா நீலமா பொறி தெரியுது. பயப்படணுமா?

சின்னதாக, நீலமாக, ஒரே இடத்தில் அடங்கி எரிந்தால் பயப்பட வேண்டாம். மிக்ஸி மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்கு மின்சாரம் போக வேண்டும். சுற்றுகிற பாகத்தில் ஒயரை நிரந்தரமாகக் கட்ட முடியாது என்பதால், இரண்டு கார்பன் துண்டுகள் இரு பக்கமும் உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்துகின்றன. உரசும் இடத்தில் ஒரு செப்புப் பட்டையிலிருந்து அடுத்ததற்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஊசிமுனை அளவுக்குப் பொறி வரும். புதிய மிக்ஸியிலும் இருட்டில் பார்த்தால் தெரியும்.

பொறி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறினாலும், கார்பன் இருக்கும் இடத்தை விட்டு வால்போல நீண்டாலும், படபடவென்று சத்தம் வந்தாலும் கவனிக்க வேண்டும். நேற்றுவரை தெரியாத பொறி இன்று வெளிச்சத்திலேயே தெரிகிறது என்றால் உள்ளே ஏதோ மாறிவிட்டது. அன்றே நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

2. கருகின வாடை வருது. ஆனா எங்கிருந்து வருதுன்னே புரியலை.

வாடையே பாதிக் கதையைச் சொல்லிவிடும், அவசரப்படாமல் முகர்ந்து பார்த்தால். மிக்ஸியிலிருந்து மூன்று விதமான வாடை வரும். ரப்பர் கருகும் வாடை வந்தால் அது பெரும்பாலும் மோட்டாருக்குள்ளிருந்து வருவதில்லை. ஜாரைத் தூக்கிவிட்டு, அது உட்காரும் இடத்தில் மூக்கை வைத்தால் அங்கேதான் அதிகமாக இருக்கும். மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்தும் பல் வைத்த கப்ளர் வழுக்கித் தேய்கிறது என்று அர்த்தம். அந்தக் குழியைச் சுற்றிக் கறுப்புத் தூளும் கிடக்கும்.

இரண்டாவது, மூக்கில் குத்துகிற, கூர்மையான, உலோகம் கலந்தது போன்ற வாடை. மின்பொறி காற்றில் அதிகமாக எரியும்போது வருவது இது. கார்பன் பக்கம் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் மோசமானது. பெயின்ட் கருகுவது போலக் கனமாக வந்து, மிக்ஸியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் அடுப்படியில் நிற்கும். காயில் கம்பிகளின் மேல் இருக்கும் வார்னிஷ் பூச்சு வேகும் வாடை அது. அது வந்தால் இன்னும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு சுற்றில்தான் பூச்சு உருகிக் கம்பிகள் ஒன்றையொன்று தொடும்.

புது மிக்ஸியில் முதல் சில முறை லேசாக வார்னிஷ் வாடை வருவது உண்டு. அது ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போக வேண்டும். கூடிக்கொண்டே போனால் புதுசு என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

3. கோளாறு மோட்டார்லயா, ஜார்லயா? மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கருவி எதுவும் தேவையில்லை. முதலில் பிளக்கை உருவிவிட்டு, மோட்டார் மேலிருக்கும் கப்ளரை விரலால் சுற்றுங்கள். லேசான இழுப்போடு சீராகச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் பிடித்துப் பிடித்து விட்டால், அல்லது பக்கவாட்டில் ஆடினால், தண்டைத் தாங்கும் புஷ் அல்லது பேரிங் கெட்டிருக்கிறது.

அடுத்து ஒவ்வொரு ஜாரையும் கவிழ்த்து, அடியில் இருக்கும் கப்ளரை இரண்டு விரலால் சுற்றுங்கள். பிளேடைப் பிடித்துச் சுற்ற வேண்டாம், கை கிழியும். ஒரு ஜார் எளிதாகச் சுற்றி இன்னொன்று கட்டைவிரல் நோகும் அளவுக்கு இறுகியிருந்தால், கோளாறில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

கடைசியாக, ஜார் இல்லாமல் முதல் வேகத்தில் சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். ஜார் இல்லாதபோதே பெரிய பொறி வந்தால் குறை மோட்டாருக்குள். ஜார் இல்லாமல் அமைதியாக ஓடி, ஒரு குறிப்பிட்ட ஜாரை வைத்தால் மட்டும் பொறியும் சூடும் வந்தால் குறை அந்த ஜாரில். எந்த ஜாரை வைத்தாலும் காலியாக இருக்கும்போது சரியாக ஓடி, அரைக்கும்போது மட்டும் திணறினால் கப்ளரையும் நீங்கள் போடும் அளவையும் பாருங்கள். மெக்கானிக்கிடம் போனாலும் இந்த மூன்றையும் சொல்லுங்கள். ஜாரையும் கூடவே எடுத்துப் போங்கள். மோட்டாரை மட்டும் கொண்டுபோனால் காரணம் வீட்டிலேயே தங்கிவிடும்.

4. ஜார் நிறைய போட்டு அரைச்சா மோட்டார் ஏன் கருகணும்? 750 வாட்ஸ்னுதானே வாங்கினேன்?

மிக்ஸி மோட்டாருக்குத் தானாக வேகத்தைக் காத்துக்கொள்ளும் குணம் கிடையாது. சுமை குறைந்தால் பறக்கும், சுமை கூடினால் தளரும். தளரத் தளர அதிக மின்சாரத்தை இழுக்கும். மின்சாரம் இரண்டு மடங்கானால் காயிலில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். அதே சமயம் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. தண்டு மெதுவானால் காற்றும் குறையும். சூடு ஏறுவதும் காற்று குறைவதும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் திணறும் மிக்ஸி ஒரு நிமிடத்துக்குள் வாடை விடுகிறது.

கார்பனும் இங்கேதான் அடி வாங்குகிறது. அதிக மின்சாரம் பாயும்போது பொறி பெரிதாகி, கார்பனின் முனையையும் செப்புப் பட்டைகளின் ஓரத்தையும் அரிக்கும். கார்பன் தேய்வது இயல்பு. ஆனால் சீக்கிரம் தேய்கிறதென்றால் பெரும்பாலும் யாரோ மோட்டாரைத் திணறவைக்கிறார்கள். அந்த "யாரோ" ஜாரில் போடும் அளவாகவும் இருக்கலாம், ஜாரின் அடியில் இறுகிப்போன புஷ்ஷாகவும் இருக்கலாம்.

5. அப்போ எவ்வளவு போடலாம்? எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

உலர்ந்த பொருள் என்றால் பாதி ஜாருக்கு மேல் வேண்டாம். ஈரமானது என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அல்லது ஜாரில் கோடு போட்டிருந்தால் அந்தக் கோடு. கெட்டியான விழுது என்றால் அதைவிடக் குறைவு. அளவைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. மூடி வழியாகப் பாருங்கள். உள்ளே இருப்பது நடுவில் குழிந்து ஓரத்தில் ஏறிச் சுழல வேண்டும். அப்படிச் சுழலாமல் மேல்பகுதி அசையாமல் நின்று, அடியில் பிளேடு மட்டும் பள்ளம் பறித்து ஓடினால் நிறுத்திக் கிளறுங்கள், கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், அல்லது பாதியை எடுத்துவிடுங்கள்.

நேரத்துக்கு மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் ரேட்டிங் தகட்டைப் பாருங்கள். வீட்டு மிக்ஸிகளில் 30 நிமிடம் என்று போட்டிருப்பது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் நிறுத்தாமல் ஓட்டக் கூடாது. எத்தனை நிமிடம் ஓட்டி எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று தகட்டிலோ கையேட்டிலோ தனியாக இருக்கும். அந்தக் கணக்கைப் பின்பற்றுங்கள்.

முதல் வேகத்தில் வைத்து மெதுவாக அரைத்தால் மோட்டாருக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தொடங்கும்போது முதல் வேகம் சரி. ஆனால் கனமான அரைப்பை முதல் வேகத்திலேயே நீட்டிக்கொண்டு போனால், மேலே சொன்னபடி விசிறி மெதுவாகவே சுற்றும், சூடு வெளியேறாது. பொருள் உடைந்ததும் வேகத்தைக் கூட்டிச் சீக்கிரம் முடிப்பதே மேல். மிக்ஸியைத் துணி விரித்து அதன்மேல் வைத்து ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். காற்று உள்ளே போகும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன.

6. கார்பன் தேஞ்சுபோச்சான்னு எப்படித் தெரியும்? நானே மாத்தலாமா?

ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் மாற்றலாம். அடிமூடியின் திருகுகள் சில மாடல்களில் ரப்பர் கால்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். மூடியைக் கழற்றினால் மோட்டாரின் கீழ்முனையில் செப்புப் பட்டைகள் வரிசையாகப் பதித்த சிறு உருளை தெரியும். அதுதான் கம்யூட்டேட்டர். அதன் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கார்பனும் அதை உந்தும் ஸ்பிரிங்கும் இருக்கும். எதையும் தொடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்தக் கூட்டில் இருந்தது என்பது பிறகு மறந்துவிடும்.

கார்பனை வெளியே எடுத்துப் பாருங்கள். புதியதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால், அல்லது 5, 6 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். அதற்கும் கீழே போனால் ஸ்பிரிங் தளர்ந்து கார்பன் செப்பின்மேல் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய பொறி. நீளம் மட்டுமல்ல, முனையையும் பாருங்கள். நன்றாக உரசிய முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பக் குழிந்து மினுமினுப்பாக இருக்கும். ஓரம் உடைந்தோ, சொரசொரப்பாகவோ, ஒரு பாதி மட்டும் மினுங்கியோ இருந்தால் அது சரியாக உட்காரவே இல்லை.

இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழையதைக் கையில் எடுத்துப் போய் அதே அகலம், அதே கனம் உள்ளதை வாங்குங்கள். புதியது கூட்டுக்குள் விரல் தள்ளினால் வழுக்கிப் போய், விட்டதும் ஸ்பிரிங் உந்தித் திரும்ப வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் தேயத் தேய உள்ளே நகராமல் நின்றுவிடும். லொடலொடவென்று இருந்தால் ஆடும். போடுவதற்கு முன் கூட்டின் உள்பக்கத்தில் படிந்திருக்கும் கார்பன் தூளைத் துடைத்துவிடுங்கள்.

7. புது கார்பன் போட்டதும் பொறி முன்னைவிட ஜாஸ்தி ஆயிடுச்சு. டூப்ளிகேட்டா?

தரமில்லாத கார்பனாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதுவல்ல. புதிய கார்பனின் முனை தட்டையாகவோ வேறு வளைவோடோ இருக்கும். கம்யூட்டேட்டர் உருண்டை. தொடக்கத்தில் இரண்டும் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். மொத்த மின்சாரமும் அந்தக் கோடு வழியாகப் போவதால் பொறி பெரிதாகத் தெரியும்.

ஜார் இல்லாமல் முதல் வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி ஒரு நிமிடம் என்று சில தடவை ஓட்டுங்கள். முனை தானாகவே வளைவு எடுக்கும், பொறியும் படிப்படியாக அடங்கும். அப்படி ஓட்டாமல் போட்ட கையோடு கெட்டியான அரைப்பில் இறக்கினால், படியாத முனை கருகிப் புதுக் கார்பனே வீணாகும். இத்தனை செய்தும் அடங்கவில்லை என்றால் ஸ்பிரிங் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறதா, கார்பன் கூட்டில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் 13-வது பதிலுக்குப் போங்கள்.

8. கம்யூட்டேட்டர் கறுப்பா இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு பளபளன்னு ஆக்கிடலாமா?

கறுப்பு எது, பழுப்பு எது என்று முதலில் பாருங்கள். சீரான சாக்லெட் நிறத்தில், சுற்றிலும் ஒரே மாதிரி மினுங்கும் படலம் இருந்தால் அதைத் தொடவே கூடாது. கார்பனும் செப்பும் உரசி உரசி உருவான அந்தப் படலம்தான் இரண்டையும் தேய்மானத்திலிருந்து காக்கிறது. அதைச் சுரண்டிச் செப்பைப் பளபளப்பாக்கினால் கார்பன் வேகமாகத் தேயும்.

திட்டுத் திட்டாகக் கருகியிருந்தால், பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் சுத்தம் செய்யலாம். உலர்ந்த துணியால் துடைத்தும் போகாவிட்டால் மிக நைசான மணல்தாளைப் பட்டையாக வைத்துக் கையால் தண்டைச் சுற்றியபடி லேசாகத் தேயுங்கள். கறுப்பு எமரி தாள் வேண்டாம். அதன் துகள் செப்பிலும் கார்பனிலும் பதிந்துகொண்டு தொடர்ந்து அராவும். பிறகு பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் சன்னமான பள்ளங்களில் சேர்ந்த தூளைப் பல்குச்சியால் எடுத்துவிடுங்கள். அந்தத் தூள் மின்சாரம் கடத்தும். பள்ளத்தை நிரப்பி நின்றால் பட்டைக்குப் பட்டை பொறி தாவும். விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் தாளால் தீராது, கடைசல் போட வேண்டும்.

9. கப்ளர் தேஞ்சிருக்குன்னு சொல்றாங்க. பார்த்தா நல்லாத்தான் இருக்கு. எதைப் பார்க்கணும்?

நேராகப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். பல்லின் பக்கவாட்டைப் பாருங்கள். புதிய கப்ளரில் ஒவ்வொரு பல்லும் செங்குத்தான சுவரோடு நிற்கும். தேய்ந்ததில் ஒரு பக்கம் மட்டும் சரிந்து, மேல்முனை மழுங்கியிருக்கும். ஒரே திசையில் சுற்றுவதால் ஒரு பக்கம்தான் தேயும். அதனால்தான் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஜாரை மேலே வைத்துக் கையால் இடமும் வலமும் ஆட்டுங்கள். லேசான இடைவெளி இருக்கலாம். கொடகொடவென்று ஆடினால் தேய்மானம்.

அரைக்கும்போது மோட்டார் சத்தம் திடீரென்று உயர்ந்து, பிளேடு தளர்ந்து, கரகரவென்று ஒலி வந்தால் கப்ளர் பல் தாண்டுகிறது. சிலர் இதை மோட்டாருக்குச் சக்தி குறைந்துவிட்டது என்று நினைத்துக் கார்பன் மாற்றுகிறார்கள். சக்தி குறைந்த மோட்டாரின் சத்தம் இறங்கும். கப்ளர் வழுக்கினால் சத்தம் ஏறும். காதாலேயே பிரிக்கலாம்.

கப்ளர் இரண்டு உண்டு. மோட்டார் மேல் ஒன்று, ஒவ்வொரு ஜாரின் அடியிலும் ஒன்று. மழுங்கிய ஒன்றோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் அதே வடிவத்துக்குச் சீக்கிரம் தேய்ந்துவிடும். எல்லா ஜாரையும் பார்த்துவிட்டு, தேய்ந்த எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றுங்கள்.

10. கப்ளரைக் கழட்டவே முடியலை. பிளையர் போட்டுத் திருகினா தண்டும் சேர்ந்து சுத்துது.

எந்தத் திசையில் மோட்டார் சுற்றுகிறதோ, அந்தத் திசையில் திருப்பினால் மேல் கப்ளர் கழலும். மோட்டார் ஓட ஓடத் தானாக இறுகும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள். ஓட்டிப் பார்க்காமலே திசையைக் கண்டுபிடிக்கலாம். ஜாரின் பிளேடில் கூர்மையான விளிம்பு எந்தப் பக்கம் முன்னால் போக வேண்டுமோ அதுதான் சுற்றும் திசை. திசை தெரியாமல் பலம் கொண்டமட்டும் திருப்பினால் இன்னும் இறுகி, கடைசியில் பிளாஸ்டிக் உடைந்து நடுவிலிருக்கும் நட்டு மட்டும் தண்டில் நிற்கும்.

தண்டு சேர்ந்து சுற்றுவதற்கு வழி அடிப்பக்கம் இருக்கிறது. அடிமூடியைக் கழற்றினால் பல மாடல்களில் தண்டின் கீழ்முனையில் ஸ்க்ரூடிரைவர் வைக்க ஒரு வெட்டு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே திருப்புங்கள். விசிறியையோ கம்யூட்டேட்டரையோ பிளையரால் பிடிக்கவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. கப்ளர் அடிக்கடி தேய்கிறதே என்று முழு இரும்பில் ஒன்றைச் செய்து மாட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். தண்டுக்கும் ஸ்டீல் ஜாருக்கும் நடுவில் மின்சாரம் தாண்டாமல் தடுப்பது கப்ளரின் அந்தப் பிளாஸ்டிக்கோ ரப்பரோதான். பிளேடில் ஏதாவது சிக்கினால் முதலில் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றுவதும் அதுவே.

11. கார்பன் மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலை. மறுபடியும் அதே பொறி, அதே வாடை. ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். கார்பன் தேய்வது விளைவு. காரணத்தை விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றினால் இப்படித்தான் திரும்பி வரும். என் கைக்கு வந்த ஒரு மிக்ஸியையே சொல்கிறேன். 750 வாட்ஸ், மூன்று ஜார். கார்பன் புதிது, அரைக்கும்போது மட்டும் பொறி, கூடவே வாடை.

ஜார் இல்லாமல் ஓட்டினேன், அமைதியாக ஓடியது. 3-வது பதிலில் சொன்னபடி ஒவ்வொரு ஜாரின் அடிக் கப்ளரையும் சுற்றிப் பார்த்தேன். பெரியதும் நடுத்தரமும் சீராகச் சுற்றின. சின்ன ஜார் அசையவே அடம்பிடித்தது. அந்த வீட்டில் தினமும் பயன்படுத்துவதே அந்தச் சின்ன ஜாரைத்தான். அதில் பாதி தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் வட்டமாக ஈரம். ஜார் தண்டைச் சுற்றியிருக்கும் வாஷர் போய்விட்டது. அந்த வழியாக அரைத்த விழுது புஷ்ஷுக்குள் இறங்கிக் காய்ந்து, தண்டைப் பசை போட்டது போலப் பிடித்திருந்தது.

மோட்டாரைத் திறந்தால் மீதியும் தெரிந்தது. கப்ளருக்குக் கீழிருந்து தண்டு வழியாக வெள்ளையாக ஒழுகிக் காய்ந்த தடம், மேல் புஷ்ஷில் துரு, கம்யூட்டேட்டரின் ஒரு பக்கத்தில் பிசுபிசுப்பான கறுப்பு, இரண்டு கார்பனில் ஒன்று மற்றதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. இறுகிய ஜார் மோட்டாரைத் திணறவைத்தது. ஒழுகிய நீர் உரசும் பரப்பைக் கெடுத்தது. இரண்டும் சேர்ந்து புதுக் கார்பனைத் தின்றன. ஜாரின் புஷ்ஷும் வாஷரும் முதலில் மாறின, பிறகு மோட்டாரின் மேல் புஷ்ஷும் இரண்டு பக்கக் கப்ளரும், பிறகு கம்யூட்டேட்டர் சுத்தம், கடைசியாகக் கார்பன். இந்த வரிசையில் போனால்தான் கடைசியில் போடும் கார்பன் நிலைக்கும்.

12. அடியில இருக்கிற சிவப்பு பட்டன் அடிக்கடி விழுந்துடுது. மெக்கானிக் அதை எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடறேன்னு சொல்றார். சரியா?

ஒத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும்போது காயில் வேகாமல் நிறுத்துவதுதான் அந்தப் பட்டனின் வேலை. அதை விலக்கினால் அடுத்த திணறலில் மிக்ஸி நிற்காது, காயில்தான் போகும்.

பட்டன் விழுந்தால் பிளக்கை உருவி, ஜாரிலிருப்பதைக் குறைத்து, மோட்டார் ஆறிய பிறகு அழுத்துங்கள். உடனே அழுத்தினால் சில நேரம் நிற்காது. நிறைய போட்டபோது மட்டும் விழுந்தால் 5-வது பதில் போதும். குறைவாகப் போட்டும் ஒரே ஜாரில் விழுந்தால் அந்த ஜாரின் புஷ். ஜாரே இல்லாமல் விழுந்தால் மோட்டார் தண்டு இறுகியிருக்கலாம் அல்லது காயில் உள்ளே ஒட்டியிருக்கலாம். மிக அபூர்வமாகப் பட்டனே பலவீனமாகியிருக்கும். அப்போதும் அதே அளவில் புதியதைத்தான் போட வேண்டும்.

13. பொறி கார்பன்கிட்ட மட்டும் இல்லை, உருளையைச் சுத்தி வளையமா தீ மாதிரி ஓடுது. இதுவும் கார்பன்தானா?

இது கார்பன் இல்லை, பெரும்பாலும் ஆர்மேச்சர். சுற்றுகிற பாகத்தில் இருக்கும் காயில்களில் ஒன்று அறுந்தாலோ, உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டாலோ, அந்தக் காயில் சேரும் பட்டை கார்பனைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பெரிய பொறி எழும். வேகத்தில் அது முழு வளையமாகத் தெரியும். உடனே நிறுத்துங்கள். நிறுத்திய பின் திறந்து பார்த்தால், மற்ற பட்டைகள் நன்றாக இருக்கக் குறிப்பிட்ட ஒன்றிரண்டு மட்டும் ஓரம் கருகிப் பள்ளமாகியிருக்கும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர் கார்பன் இரண்டையும் எடுத்துவிட்டு, அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே ஓம் அளந்துகொண்டே ஒரு சுற்று வரலாம். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வர வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் துள்ளி ஏறினால் அறுந்த காயில், ஒரு இடத்தில் மட்டும் சரிந்தால் ஒட்டிய காயில் அல்லது பள்ளத்தில் அடைத்த தூள். எனவே 8-வது பதிலில் சொன்னபடி தூளை எடுத்துவிட்டு இன்னொரு முறை அளந்த பிறகே ஆர்மேச்சர் போனது என்று முடிவு செய்யுங்கள். எந்தப் பட்டைக்கும் நடுத் தண்டுக்கும் தொடர்பு காட்டவே கூடாது. காட்டினால் அந்த மிக்ஸியை மறுபடி பிளக்கில் சொருக வேண்டாம்.

14. மிக்ஸியைத் தொட்டா லேசா சுருக்குன்னு இருக்கு. பொறிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தேய்ந்த கார்பனெல்லாம் தூளாக மோட்டாருக்குள்ளேதான் படிகிறது. ஈரமும் சேர்ந்தால் அந்தத் தூள் கூட்டிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு மின்சாரம் கசிய வழி போட்டுவிடும். வேகிப்போன வார்னிஷும் இதே வேலையைச் செய்யும். லேசாகத்தானே என்று விடாதீர்கள். ஈரக் கையோடு தொடுகிற சாதனம் இது. எர்த் சரியாக இருக்கும் மூன்று துளை பிளக்கில்தான் மிக்ஸியைச் சொருக வேண்டும். சுருக்கென்று இருந்த நாள் முதல், திறந்து தூளைச் சுத்தம் செய்து கசிவு இல்லை என்று அளந்து பார்க்கும்வரை ஓட்டக் கூடாது.

15. ஆர்மேச்சர் போயிடுச்சுன்னு உறுதி ஆயிடுச்சு. ஆர்மேச்சர் மட்டும் மாத்தலாமா, மோட்டாரையே மாத்தலாமா?

ஆர்மேச்சரைச் சுற்றி நிலையாக நிற்கும் ஃபீல்டு காயிலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதன் கம்பிகள் செம்பழுப்பாகச் சீரான நிறத்தில் இருந்து, கட்டியிருக்கும் நூல் வெள்ளையாக இருந்தால் ஆர்மேச்சரையும் கார்பன் ஜோடியையும் மட்டும் மாற்றலாம். கம்பிகள் கறுத்து, நூல் கருகி, தொட்டால் பூச்சு உதிர்ந்தால் ஃபீல்டும் வெந்துவிட்டது. அதோடு புது ஆர்மேச்சரைச் சேர்த்தால் கொஞ்ச நாளில் ஃபீல்டு போய்விடும், போகும்போது புது ஆர்மேச்சரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்போது முழு மோட்டாராக மாற்றுவதே சரி.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஃபீல்டு காயிலிலிருந்து இணைப்புகள் பிரிந்து சுவிட்சுக்குப் போகும். ஆகவே மோட்டார் மாற்றும்போது அதே இணைப்புகள், அதே வாட்ஸ், அதே தண்டு நீளம், அதே கப்ளர் மரை உள்ளதாகப் பாருங்கள். மரை திசை மாறினால் கப்ளர் ஓடும்போதே கழன்று வரும். பழைய மோட்டாரைக் கெடுத்தது இறுகிய ஜாராக இருந்தால், புது மோட்டார் மேல் அந்த ஜாரை வைப்பதற்கு முன்பே அதன் புஷ்ஷையும் வாஷரையும் மாற்றி, கவிழ்த்து விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.